பயிற்சி முடிந்தும் பெற்றோர் வரவில்லை என்றால்?

“வாலிபால் பயிற்சி முடிந்து 13 வயதுப் பெண்ணைக் கூட்டிப்போக வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. என் பைக்கில் கொண்டுபோய் விடலாமா?”

வேண்டாம். அவள் வீட்டுக்கு போன் போட்டுவிட்டு, கேட் பக்கம் வெளிச்சத்தில் காத்திருங்கள். வேறொரு மாணவியின் அம்மாவையும் கூட இருக்கச் சொல்லுங்கள். கொண்டுவிட்டே தீர வேண்டுமானால் பெற்றோரின் சம்மதத்தை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி, அந்த அம்மாவையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோவில் போங்கள். கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம் இரண்டையும் பெற்றோருக்கு அனுப்புங்கள்.

“ஒரு தடவைதானே” என்பதில்தான் சிக்கல். கெட்ட எண்ணம் உள்ளவரும் இப்படி உதவியில்தான் ஆரம்பிப்பார். உங்களால் அது வழக்கமாகிவிட்டால், நாளை அவர் கூட்டிப்போகும்போது யாருக்கும் உறுத்தாது.

காத்திருக்கும்போது, யாரோ தப்பாகத் தொட்டதாக அவள் சொன்னால் துருவிக் கேட்காதீர்கள். அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே குறித்துக்கொண்டு போலீசில் சொல்லுங்கள். போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவின்படி அது கட்டாயம். சம்பளம் வாங்காத பயிற்சியாளருக்கும்தான்.