‘மெயில் பண்ணுங்க, பாக்கலாம்’ என்றவருக்கு என்ன எழுதுவது?

*கேள்வி: கோவை கணபதியில் அப்பாவோடு சேர்ந்து சின்ன சிஎன்சி டர்னிங் யூனிட் நடத்துகிறேன். போன சனிக்கிழமை சென்னையில் நடந்த ஒரு சப்ளையர் மாநாட்டில், ஹைட்ராலிக் வால்வு செய்யும் கம்பெனியின் பர்ச்சேஸ் மேனேஜரைச் சந்தித்தேன். சாப்பாட்டு வரிசையில் பத்து நிமிஷம் நன்றாகப் பேசினார். குறுக்கே போடும் ஓட்டையின் விளிம்பில் நீட்டி நிற்கும் உலோகப் பிசிறால், அதாவது கிராஸ் ஹோல் பர் பிரச்சினையால், அசெம்பிளியில் ரிஜெக்‌ஷன் வருகிறது என்றார். கார்டு கொடுத்து, “மெயில் பண்ணுங்க, பாக்கலாம்” என்றார். “இன்னைக்கே போன் போட்டுப் பேசும்மா” என்கிறார் அப்பா. உடனே போனால் ஆர்டருக்கு அலைகிற மாதிரி இருக்குமோ, தள்ளிப் போட்டால் மறந்துவிடுவாரோ என்று குழப்பம். எப்போது, என்ன எழுதுவது?*

புதன்கிழமை காலை பத்தரை மணிவாக்கில் மெயில் அனுப்புங்கள். போன் இப்போது வேண்டாம்.

கிழமைக்குக் காரணம் இருக்கிறது. தொழிற்சாலையில் திங்கள் என்றால் ஷார்ட்டேஜ் மீட்டிங். எந்தப் பார்ட் வரவில்லை, எந்த லைன் நிற்கப் போகிறது என்பதிலேயே பர்ச்சேஸ்காரருக்கு அன்றைய பொழுது போய்விடும். இவரோ மாநாட்டுக்குப் போய் வந்தவர், தேங்கிய மெயில்களும் சேர்ந்திருக்கும். செவ்வாய்க்குள் அது ஒருவாறு வடியும். புதன் அல்லது வியாழன் என்றால் உங்கள் முகமும் பேச்சும் அவர் நினைவில் இருக்கும், படிக்க நேரமும் இருக்கும். அந்த நாள் மாதத்தின் கடைசி மூன்று நாட்களில் விழுந்தால் மட்டும் செவ்வாயன்றே அனுப்பிவிடுங்கள். மாதக் கடைசியில் டிஸ்பாட்ச் நெருக்கடி, அப்போது புது ஆள் மெயிலை யாரும் திறப்பதில்லை. ஒரு வாரத்தைத் தாண்ட விடாதீர்கள். பத்து நாள் கழித்துப் போகும் மெயிலில் நீங்கள் யார் என்று விளக்குவதற்கே பாதி வரிகள் செலவாகும்.

அப்பா சொல்வது பழைய பழக்கம். தெரிந்தவர்களிடையே அது இன்றைக்கும் செல்லும். ஆனால் நீங்கள் கூப்பிடும் நேரத்தில் அவர் ஷாப் ஃப்ளோரில் நின்றுகொண்டிருப்பார், இல்லையென்றால் மீட்டிங்கில் இருப்பார். அந்த இடத்தில் வாய்க்கு வரும் பதில் “பாக்கலாம்மா” என்பதுதான். அதை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள். வாட்ஸ்அப்பும் அப்படித்தான். “இந்த நம்பருக்கு வாட்ஸ்அப் பண்ணுங்க” என்று அவர் சொல்லியிருந்தால் ஒழிய, கார்டில் இருக்கும் எண்ணுக்கு ஹாய் சார் அனுப்பாதீர்கள். நீல டிக் விழுந்துவிட்டதே, பதில் வரவில்லையே என்ற தவிப்பும் அதோடு சேரும்.

நேரத்தைவிட முக்கியம், எதைக் கேட்கிறீர்கள் என்பது. பர்ச்சேஸில் நானும் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன். எங்களுக்குச் சலிப்பு வந்தது மெயில்களின் எண்ணிக்கையால் அல்ல, அவற்றில் இருந்த கோரிக்கையின் கனத்தால். “ஒரு வாய்ப்புக் கொடுங்க சார், எந்த வேலையானாலும் செய்து தருகிறோம், ரேட் குறைத்துத் தருகிறோம்” என்று வரும் மெயிலுக்கு என்ன பதில் எழுத முடியும்? மேனேஜர் நினைத்தாலும் உடனே ஆர்டர் கொடுக்க முடியாது. வெண்டர் ஆடிட் நடக்க வேண்டும், வெண்டர் கோடு உருவாக வேண்டும், சாம்பிள் பாஸாக வேண்டும். வண்டித் துறைக்குப் போகும் பார்ட் என்றால் ஒப்புதலுக்கான பிபிஏபி கோப்பு வேறு. தன் கையில் இல்லாததைக் கேட்டால் மனிதர் பதில் போடாமல் நகர்ந்துவிடுவார். அது நமக்கு அலட்சியமாகத் தெரியும், நாம் இன்னொரு மெயில் போடுவோம். நச்சரிப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அவர் கையில் இருப்பது ஒன்றுதான்: உங்கள் மெயிலை வெண்டர் டெவலப்மென்ட் இன்ஜினியருக்கோ குவாலிட்டி ஆளுக்கோ ஃபார்வர்ட் செய்வது. மேலே ஒரு வார்த்தை, “பாருங்க” என்று. ‘பாக்கலாம்’ என்பதற்கு நடைமுறையில் இதுதான் பொருள். எனவே மெயிலை அவருக்காக எழுதும்போதே, உங்களைப் பார்த்தே இராத அந்த இரண்டாவது ஆளுக்கும் புரியும்படி எழுத வேண்டும்.

இங்கே ஒரு கவனம் தேவை. அசெம்பிளியில் ரிஜெக்‌ஷன் வருகிறது என்று அவர் உங்களிடம் சொன்னது சாப்பாட்டு வரிசையில், மனம் விட்டு. அதை அப்படியே மெயிலில் எழுதினால், அவரால் ஃபார்வர்ட் செய்ய முடியாது. தன் கம்பெனியின் குறையை வெளியாளிடம் சொன்னார் என்று ஆகிவிடும். “கிராஸ் ஹோல் பர் எடுப்பது பற்றிப் பேசினோம்” என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவருக்குப் புரியும், அதற்கு மேல் யாருக்கும் தேவையில்லை.

இனி மெயில். இது வேறு ஊர் ஆபீசுக்கும் போகக்கூடும் என்பதால் நீங்கள் ஆங்கிலத்தில்தான் அனுப்புவீர்கள். நான் தமிழில் தருகிறேன். வரிகளின் நீளம் இதே அளவில் இருக்கட்டும்.

*சப்ஜெக்ட்: கிராஸ் ஹோல் பர் – சனிக்கிழமை மாநாட்டில் பேசியது*

*வணக்கம் சார். சனிக்கிழமை மதிய உணவு வரிசையில் கிராஸ் ஹோல் பர் எடுப்பது பற்றிப் பேசினோம். நாங்கள் கோவையில் சிஎன்சி டர்னிங் யூனிட் நடத்துகிறோம்.*

*12 மி.மீ. போர் துளைக்குள் திறக்கும் 3 மி.மீ. ஓட்டைகளில் பர்ரை எப்படி எடுக்கிறோம், எப்படிச் சோதிக்கிறோம் என்பதை ஒரு பக்கத்தில் இணைத்திருக்கிறேன். படத்தில் இருப்பது நாங்களே இதற்கென்று செய்து, பாதியாக அறுத்த சாம்பிள்.*

*உங்கள் டீமில் இதைப் பார்ப்பவர் யார் என்று சொன்னால், அவருக்கே நேராக அனுப்பிவிடுகிறேன்.*

கீழே உங்கள் பெயர், யூனிட் பெயர், போன் எண். அவ்வளவுதான். “உங்களைச் சந்தித்தது பெரும் பாக்கியம்”, “உங்கள் பொன்னான நேரத்தை ஒதுக்கி” என்றெல்லாம் வேண்டாம். கெஞ்சலாக ஒலிப்பது பெரும்பாலும் இந்த ஜோடனைகள்தான். ரேட், பேமென்ட் டேர்ம்ஸ் எதுவும் இந்த மெயிலில் வரக்கூடாது. கேட்காமலே விலை குறைப்பவரைப் பார்த்தால், மெஷின் சும்மா நிற்கிறது போல என்றுதான் எங்களுக்குத் தோன்றும்.

கடைசி வரியை மறுபடி பாருங்கள். அவர் ஒரு பெயரை மட்டும் எழுதி அனுப்பினால் போதும், அல்லது ஃபார்வர்ட் பட்டனைத் தட்டினால் போதும். இரண்டும் அவருடைய அதிகாரத்துக்குள் இருக்கும் வேலை.

இணைக்கும் அந்த ஒரு பக்கத்தில்தான் உங்கள் உழைப்பெல்லாம் போக வேண்டும். கம்பெனி புரொஃபைல் என்று வாசல் படம், குத்துவிளக்குப் படம், தொலைநோக்கு வாசகம் எல்லாம் சேர்த்து அனுப்பும் இருபது பக்கக் கோப்பை யாரும் படிப்பதில்லை. ஒரு சாம்பிள் ஸ்லீவை டர்ன் செய்து, கிராஸ் ஹோல் போட்டு, வயர் கட்டில் பாதியாக அறுங்கள். ஓட்டை போருக்குள் திறக்கும் விளிம்பு இப்போது வெளிச்சத்தில் தெரியும். பர் எடுக்காத ஒன்று, எடுத்த ஒன்று, இரண்டையும் ஒரே தூரத்தில் வைத்துப் படம் எடுங்கள். முதல் படத்தில் விளிம்பில் மெல்லிய உலோக முடி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், இரண்டாவதில் விளிம்பு சுத்தமாக இருக்க வேண்டும். கீழே நான்கு வரி: எந்தப் பிரஷ் அல்லது ஹோன், எந்தக் கட்டத்தில் ஓட்டுகிறீர்கள், அதன்பின் போர் அளவை எப்படிச் சரிபார்க்கிறீர்கள், துளைக்குள் விட்டுப் பார்க்கும் போரோஸ்கோப்பில் எல்லாப் பீஸையும் பார்க்கிறீர்களா அல்லது சிலவற்றை மட்டுமா. சிலவற்றை மட்டும் என்றால் அதையே எழுதுங்கள். அந்த முடி உள்ளே உடைந்து விழுந்தால் வால்வுக்குள் நகரும் ஸ்பூல் சிக்கிக்கொள்ளும், வால்வு நின்றுவிடும். வால்வுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, படமே பேசும்.

ஒன்றைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். வேறு வாடிக்கையாளருக்குச் செய்யும் பார்ட்டின் படத்தையோ டிராயிங்கையோ திறமைக்குச் சான்றாக அனுப்பாதீர்கள். அடுத்தவர் டிராயிங்கை எனக்குக் காட்டியவர் என் டிராயிங்கை யாருக்குக் காட்டுவாரோ என்ற எண்ணம்தான் வரும். நல்ல யூனிட்டுகளை நான் இதற்காகவே ஒதுக்கியிருக்கிறேன். அதனால்தான் ‘நாங்களே இதற்கென்று செய்த சாம்பிள்’ என்ற வார்த்தைகளை மெயிலில் வைத்தேன்.

அந்தப் பக்கம் புதனுக்குள் தயாராகாது என்றால், மெயிலைத் தள்ளிப் போடாதீர்கள். “வரும் செவ்வாய்க்குள் படத்தோடு ஒரு பக்கம் அனுப்புகிறேன்” என்று எழுதி, செவ்வாயன்று அனுப்புங்கள். சொன்ன தேதிக்கு வந்து சேரும் சிறு பொருளும் அவர்களுக்கு ஒரு டெலிவரிதான். அப்படித்தான் எடை போடுவார்கள்.

பதில் வராவிட்டால் ஏழு வேலை நாள் பொறுங்கள். பிறகு அதே மெயில் தொடரில், அதே இணைப்போடு, ஒரே ஒரு முறை எழுதுங்கள். “மெயில் பார்த்தீர்களா சார்?” என்று கேட்டால் அவர் மேல் குற்றம் சுமத்துவது போல் ஆகும். இப்படி எழுதலாம்: *சார், அறுத்த சாம்பிள் இரண்டும் கையில் இருக்கிறது. குவாலிட்டி டீம் நேரில் பார்க்க விரும்பினால் கொரியரில் அனுப்புகிறேன். இப்போது புது வெண்டர் சேர்க்கும் எண்ணம் இல்லை என்றாலும் ஒரு வரி சொன்னால் போதும்.* ‘இல்லை’ என்று சொல்வதற்கு வழி திறந்து வைத்தால், பலர் மௌனத்தைக் கலைத்து உண்மையைச் சொல்லிவிடுவார்கள். “இந்த வருஷம் வெண்டர் எண்ணிக்கையைக் குறைக்கிறோம், ஏப்ரலுக்கு அப்புறம் பேசலாம்” என்று வந்தால், அது கதவடைப்பு அல்ல. காலண்டரில் குறித்துவைக்க வேண்டிய தகவல்.

இரண்டாவதற்கும் பதில் இல்லையென்றால் அங்கேயே நிறுத்துங்கள். அவருடைய மேலதிகாரியைத் தேடிப் பிடித்து எழுதுவது, அதே கம்பெனியில் தெரிந்தவர் மூலம் சொல்லவைப்பது இரண்டும் அவரைச் சங்கடப்படுத்தும். மறுபடி எழுதச் செய்தி வேண்டும்: புது மெஷின் வந்தது, வண்டித் துறைக்கான ஐஏடிஎஃப் 16949 தரச் சான்று கிடைத்தது, அவர் சொன்ன அளவிலான ஓட்டைக்கு வேறொரு முறை கைவந்தது. சும்மா ஞாபகப்படுத்துவதற்கு எழுத வேண்டாம்.

பதில் வந்தால் அதன் தன்மையைப் பாருங்கள். “கம்பெனி புரொஃபைல் அனுப்புங்க” என்பது பெரும்பாலும் மரியாதையான தள்ளிவைப்பு. அனுப்பிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். மெஷின் லிஸ்ட், மாத கெப்பாசிட்டி, இன்ஸ்பெக்‌ஷன் கருவிகள் எவை என்று கேட்டால் யாரோ நிஜமாகவே படித்திருக்கிறார்கள். ரகசியக் காப்பு ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு அனுப்பினால் பின்னாலேயே டிராயிங் வரப் போகிறது என்று பொருள். அன்றைக்கு அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்து, ஒப்பந்தத்தை முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். டிராயிங் வந்ததும் விலையை எந்தத் தேதிக்குள் தருவீர்கள் என்று அன்றே பதில் எழுதுங்கள். அதற்கப்புறம் நீங்கள் போன் செய்யலாம், அவரே எடுப்பார்.