கடையில் பொருந்திய பிளவுஸ் துணி வெளியில் வேறு நிறமாகத் தெரிவது ஏன்?

"சாம்பல் பட்டுச் சாரிக்கு மத்திய வீதிக் கடையொன்றில பொலியெஸ்டர் பிளவுஸ் துணி எடுத்தன். அங்க அச்சொட்டாப் பொருந்திச்சு. கோணேசர் கோயில் வாசல்ல பார்த்தா சாரி செம்மை, துணி பச்சை. சாயம் போயிட்டுதா?"

சாயம் போகவில்லை என்றே நினைக்கிறேன். இரண்டையும் திரும்ப அதே கடை விளக்கின் கீழ் பிடித்துப் பாருங்கள். மீண்டும் பொருந்தினால் இது மெட்டமெரிசம், அதாவது ஒரு வெளிச்சத்தில் ஒத்துத் தெரியும் இரண்டு நிறங்கள் இன்னொரு வெளிச்சத்தில் வேறாகத் தெரிவது.

பட்டுக்கும் பொலியெஸ்டருக்கும் ஒரே சாயம் பிடிக்காது. பட்டுக்குப் பெரும்பாலும் அமிலச் சாயம், பொலியெஸ்டருக்கு டிஸ்பர்ஸ் சாயம். அதனால் ஒரே சாம்பலை இரண்டும் வெவ்வேறு கலவையால் எட்டுகின்றன. கண்ணோ ஒளியை மூன்று வகைக் கூம்புக் கலங்களால் மொத்தமாகக் கூட்டித்தான் பார்க்கிறது. கூட்டுத்தொகை ஒன்றானால் நிறமும் ஒன்று. வழக்கமான எல்.ஈ.டி. வெளிச்சத்தில் 450 நனோமீற்றர் அலைநீளத்துக்கு அருகே நீலம் உச்சம், 650க்கு அப்பால் ஆழ்சிவப்பு மிகக் குறைவு. உங்கள் சாரி அந்த ஆழ்சிவப்பைக் கூடுதலாகத் தெறிக்கிறது போலும். கடையில் எல்.ஈ.டி. விளக்கு என்றால் அது வெளிப்பட வழியில்லை. வெய்யிலில் அந்தச் சிவப்பு நிறையவே உண்டு, கூட்டுத்தொகை பிரிந்துவிடுகிறது. சாம்பல், பழுப்பு, காக்கி போன்ற கலவை நிறங்களில்தான் இந்தத் தொல்லை அதிகம்.

துவைத்தோ ஊறவைத்தோ இது மாறாது. மாற்றுத் துணி எடுப்பதானால் பட்டிலேயே தேடுங்கள். அதுவும் உறுதியில்லை, ஆகவே சாரியைக் கையோடு கொண்டுபோங்கள். கடை வாசல் நிழலில் இரண்டையும் இடைவெளியின்றி ஒட்டி, பட்டின் மினுக்கம் ஏமாற்றாதபடி இழைகளை ஒரே திசையில் வைத்துப் பாருங்கள். பிறகு மஞ்சள் குண்டு பல்பின் கீழும் பாருங்கள். இரண்டிலும் பொருந்தினால் வாங்கலாம்.