கூடாரத்தில் கூரையைவிடத் தரையைத்தான் பார்க்க வேண்டும்

கேள்வி: பீடோரில் இருக்கிறேன். அடுத்த மாதம் நானும் நண்பனும் முதன்முறையாகக் கேம்பிங் போகிறோம். ஓர் இரவு லாத்தா கிஞ்சாங் பக்கம், மறுநாள் இரவு கேமரன் மலை. கூடாரத்தில் 3000 மி.மீ. என்றும் 4 சீசன் என்றும் போட்டிருக்கிறார்கள். ஸ்லீப்பிங் பேக்கில் மூன்று விதமான டிகிரி இருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

நான் தாப்பாக்காரன், உங்களுக்குப் பக்கம்தான். என்னுடைய முதல் கூடாரம் பசார் மாலாமில் 90 வெள்ளிக்கு வாங்கியது. அதை எடுத்துக்கொண்டு கோலா வோ ஆற்றோரம் போனோம். இரவு பத்து மணிக்குப் பிடித்த மழை இரண்டு மணிக்கு விட்டது. மூன்று மணிக்கு எழுந்தால் முதுகுக்குக் கீழே ஈரம், முகத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். "கூரை ஒழுகுது மச்சான்" என்று நண்பன் புலம்பினான். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஊருக்கு வந்து கார் போர்ச்சில் கூடாரத்தை விரித்து, அரை மணி நேரம் ரப்பர் குழாயால் தண்ணீர் அடித்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, கூரையில் ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. மேலிருந்து சொட்டியது எங்கள் மூச்சுக்காற்றின் ஈரம். கீழிருந்து வந்தது தரைவழியாக ஏறிய தண்ணீர். உங்கள் கேள்வியில் பாதிக்கு விடை இந்த இரண்டிலேயே இருக்கிறது.

முதலில் அந்த 3000 மி.மீ. என்ன என்று பார்ப்போம். துணியின்மேல் தண்ணீர் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போவார்கள். மறுபக்கம் சொட்டுகள் எட்டிப் பார்க்கும்போது அழுத்தம் எவ்வளவோ, அதைத் தண்ணீர்த் தூணின் உயரமாகச் சொல்வார்கள். 3000 என்றால் மூன்று மீட்டர் உயரத் தண்ணீரை அந்தத் துணி தாங்கியது என்று பொருள். கூரைத் துணி சரிவாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. நம் ஊர் இடிமழை எவ்வளவு பலமாக அடித்தாலும் துளி விழுந்த உடனே வழிந்து ஓடிவிடும். கூரைக்கு 1500 இருந்தாலே போதும். கூரைக்கு 5000 என்று விளம்பரம் செய்யும் கூடாரத்துக்கு அதற்காகக் கூடுதல் காசு தர வேண்டியதில்லை.

தரை வேறு கதை. பத்து மீட்டர் தண்ணீர்த் தூணின் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. அப்படியானால் 3000 மி.மீ. தரை தாங்குவது சதுர சென்டிமீட்டருக்கு 0.3 கிலோ. இப்போது 60 கிலோ எடையுள்ள ஒருவர் கூடாரத்துக்குள் முழங்காலிட்டு ஜிப்பைத் திறக்கிறார் என்று வையுங்கள். ஒரு முழங்கால் தரையில் படும் பரப்பு 40 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால் இரண்டுக்கும் 80. அறுபதை எண்பதால் வகுத்தால் 0.75 கிலோ, அதாவது 7500 மி.மீ.! 3000 தரை அதைத் தாங்காது. அடியில் மண் மெத்தென்று இருந்தால் அழுத்தம் பரவிக் குறையும். ஆனால் ஈரமண்ணோ தேங்கிய தண்ணீரோ இருந்தால் முழங்காலும் முழங்கையும் பட்ட இடத்தில் கசியும். அதே ஆள் மல்லாந்து படுத்தால் எடை ஆயிரக்கணக்கான சதுர சென்டிமீட்டரில் பரவிவிடுகிறது, அழுத்தம் சில நூறு மி.மீ.தான். படுத்திருக்கும்போது நனையாமல், எழுந்து உட்கார்ந்து புரண்டு மண்டியிடும்போது நனைவது இதனால்தான்.

ஆகையால் தரைக்கு 3000க்குக் குறையாமல் பாருங்கள், 5000 கிடைத்தால் நல்லது. பெட்டியில் ஒரே ஓர் எண் மட்டும் போட்டிருந்தால் அது கூரைக்கா தரைக்கா என்று கடைக்காரரைக் கேளுங்கள். முழங்கால் படும் இடத்தில் ஒரு ஃபோம் பாயை எப்போதும் போட்டு வையுங்கள், அது அழுத்தத்தைப் பரப்பிவிடும். அடியில் கன்வாஸ் விரிப்பவர்கள் கூடாரத்தின் ஓரத்தைவிட அது ஓர் அங்குலமாவது உள்ளே இருக்கும்படி மடித்துக்கொள்ள வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கூரையிலிருந்து வழியும் தண்ணீரை எல்லாம் பிடித்துக் கூடாரத்துக்கு அடியில் குளம் கட்டிவிடும். கோலா வோவில் நான் செய்தது இதேதான்.

துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தையல் போட்ட இடமெல்லாம் ஊசித்துளைகள். கூரையின் உட்பக்கத்தைத் திருப்பித் தையலைப் பாருங்கள். ஒரு விரல் அகலத்தில் பளபளப்பான பட்டை அதன்மேல் ஒட்டியிருக்க வேண்டும். அது இல்லை என்றால் 5000 என்று போட்டிருந்தாலும் வாங்காதீர்கள். தரையின் நான்கு மூலைகளை விரலால் தடவிப் பாருங்கள், பட்டை அங்கேதான் முதலில் பெயரும்.

இனி மேலிருந்து சொட்டிய தண்ணீருக்கு வருவோம். இரண்டு பேர் ஓர் இரவு தூங்கினால் மூச்சிலும் வியர்வையிலும் சுமார் அரை லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போகும். மழைக்குப் பயந்து எல்லா ஜிப்பையும் இழுத்து மூடினால் அந்த ஆவி குளிர்ந்த துணியில் பட்டுத் துளியாகிவிடும். ஒற்றை அடுக்குக் கூடாரத்தில் அந்தத் துளி நேரே நம் மூக்கின்மேல் விழும். இரண்டு அடுக்குக் கூடாரத்தில் வெளித்துணியில் பட்ட துளி அதன் உட்பக்கமாகவே வழிந்து இறங்கிவிடும், நமக்கும் அதற்கும் நடுவே வலைத்துணி இருக்கும். அதனால் உள்ளே கொசுவலை, வெளியே தரைவரை இறங்கும் முழுக்கூரை, அந்தக் கூரையின் உச்சியில் திறந்து வைக்க ஒரு காற்றுத்துளை, இந்த மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். தொப்பிபோல உச்சியை மட்டும் மூடும் கூரை நம் சாய்மழைக்கு உதவாது.

4 சீசன் என்பதில் வரும் சீசன் நம்முடையது அல்ல. பனி குவிந்தாலும் பலத்த காற்று அடித்தாலும் தாங்குவதற்காகச் செய்த கூடாரம் அது. வலை குறைவு, துணி அதிகம், எடையும் அதிகம். அதை லாத்தா கிஞ்சாங்கில் போட்டால் இட்லிச் சட்டிக்குள் படுத்த மாதிரி வேகும். உங்களுக்கு 3 சீசன் போதும். நமக்குச் சீசன் என்றால் மழைதான். நம் பேராக் பக்கம் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் சாயங்கால இடிமழை அதிகம். போகும் மாதம் அதில் விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆற்றுக்கு ஒட்டிய மணல்திட்டில் மட்டும் கூடாரம் அடிக்காதீர்கள். மேலே மலையில் பெய்தால் கீழே வானம் வெளுத்திருக்கும்போதே கெப்பாலா ஆயர் வரும். அதற்கு முன்னால் எந்த மி.மீ.யும் நிற்காது.

எடையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நீங்கள் காரை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் நடக்கப் போகிறீர்கள் என்றால் மூன்று கிலோ கூடாரம் ஒரு பிரச்சினையே இல்லை. ஒன்றரைக் கிலோ கூடாரத்துக்குப் பல மடங்கு விலை தருவது மலையேறுபவர்களுக்கு. கடையில் சொல்லும் எடையில் முளையும் கயிறும் பையும் சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள், பல இடங்களில் சேர்த்திருக்க மாட்டார்கள். மழையில் நனைந்த கூடாரம் திரும்பி வரும்போது அரைக் கிலோவுக்குமேல் கூடியிருக்கும். இன்னொன்று, இரண்டு பேர் கூடாரம் என்றால் இரண்டு பாய்களைத் தோளோடு தோள் விரிக்கும் அளவு, அவ்வளவுதான். பைகளை மழையில் வெளியே வைக்க மனம் வராது, அதனால் இரண்டு பேருக்கு மூன்று பேர் கூடாரம் வாங்குங்கள்.

ஸ்லீப்பிங் பேக்கில் நான் பட்டது வேறு விதம். "தம்பி, இது அஞ்சு டிகிரி வரைக்கும் தாங்கும்" என்று கடைக்கார அண்ணன் சொன்னார். கேமரன் மலையில் பதினைந்து டிகிரி இரவில் விடிய விடிய நடுங்கினேன். அந்த ஐந்து, எக்ஸ்ட்ரீம் என்ற எண். ஐ.எஸ்.ஓ. 23537 முறைப்படி சோதித்த பையில் மூன்று எண்கள் இருக்கும். கம்ஃபர்ட் என்பது குளிரை அதிகம் உணர்கிற ஒருவர் நிம்மதியாகத் தூங்கும் வெப்பநிலை. லிமிட் என்பது குளிர் தாங்குகிற ஒருவர் உடம்பைச் சுருட்டிக்கொண்டு சமாளிக்கும் எல்லை. எக்ஸ்ட்ரீம் என்பது சில மணி நேரம் உயிர் பிழைத்திருக்கலாம் என்ற எல்லை, அங்கே தூக்கம் கிடையாது. மலிவான பைகளில் பெரிய எழுத்தில் அச்சிடுவது பெரும்பாலும் இந்தக் கடைசி எண்ணைத்தான். கம்ஃபர்ட் எண்ணை மட்டும் பாருங்கள்.

உங்கள் இரண்டு இரவுகளுக்கு வருவோம். லாத்தா கிஞ்சாங் அடிவாரத்தில் இரவு 23, 24 டிகிரி இருக்கும். அங்கே ஸ்லீப்பிங் பேக்குக்குள் போனால் வேர்த்துவிடும், கைலி போதும். தானா ராத்தா 1,400 மீட்டருக்குமேல் இருக்கிறது, இரவில் 15 டிகிரியை ஒட்டி இறங்கும், மழையும் காற்றும் சேர்ந்தால் இன்னும் குளிரும். அதனால் கம்ஃபர்ட் 10 அல்லது 12 டிகிரி உள்ள ஒரு பை இரண்டு இடத்துக்கும் சரி. காலடிவரை முழுதாக ஜிப் திறக்கும் மாதிரியாகப் பார்த்து எடுங்கள். கீழே அதையே போர்வையாக விரித்துக்கொள்ளலாம். வாத்து இறகுப் பை இலேசாக இருக்கும், ஆனால் ஈரம் பட்டால் இறகு ஒட்டிக்கொண்டு சூடு போய்விடும். நம் காற்றில் இருக்கும் ஈரத்துக்குச் செயற்கை நார்ப் பைதான் பொருத்தம்.

அப்புறம் பாய். பைக்குள் இருக்கும் நார் நம் உடம்பின் கீழே நசுங்கிவிடும், அந்தப் பக்கம் சூட்டைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. என் கேமரன் நடுக்கத்தில் பாதிக்கு அந்த அண்ணன் காரணம், மீதிக்கு நான் வெறும் தரையில் பையை விரித்ததுதான் காரணம். ஒரு சென்டிமீட்டர் ஃபோம் பாய் அந்தக் குளிரைத் தடுத்திருக்கும்.

வாங்கிய வாரமே வீட்டு வாசலில் விரித்து அடித்துப் பாருங்கள். உள்ளே பழைய செய்தித்தாளைப் பரப்பிவிட்டு இருபது நிமிடம் குழாயால் தண்ணீர் அடியுங்கள், ஒழுகும் தையல் தாளில் கறையாகத் தெரியும். தரையைச் சோதிக்க அடியில் நனைத்த துண்டை விரித்து, உள்ளே டிஷ்யூ போட்டு அதன்மேல் மண்டியிடுங்கள். பில் கையில் இருக்கும்போதே இதைச் செய்துவிட்டால் மாற்றிக்கொள்ளலாம்.

திரும்பி வந்ததும் ஈரக் கூடாரத்தைப் பைக்குள்ளேயே விட்டுவிடாதீர்கள். என் 90 வெள்ளிக் கூடாரத்தை அப்படித்தான் ஸ்டோரில் போட்டேன். ஒரு வருடம் கழித்து எடுத்தபோது உட்பூச்சு பிசுபிசுவென்று கையில் ஒட்டியது, வாந்தி நாற்றம் அடித்தது. பி.யு. பூச்சு ஈரத்தில் சிதைந்தால் அப்படித்தான் ஆகும், கழுவிச் சரிசெய்ய முடியாது. இப்போது என்ன கூடாரமானாலும் துணி காயப்போடும் கொடியில் இரண்டு நாள் தொங்குகிறது, வெயிலில் இல்லை, நிழலில்.