ஆறு நிமிடப் பேச்சு

அன்புள்ள ஐயா,

எனக்கு ஊர் கடலூர், மஞ்சக்குப்பம். சிப்காட்டில் ஒரு கம்பெனி லேபில் வேலை. ஆவணியில் நிச்சயம் ஆனது, தையில் கல்யாணம். அவர் பாண்டி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறார். வீட்டில் பார்த்த வரன்தான். முதல் மாதம் ராத்திரி ஒன்றரை மணி நேரம் பேசுவோம். இப்போது ஆறு நிமிடம். சாப்பிட்டியா, என்ன குழம்பு, பத்திரிகை மாடல் பார்த்தாங்களா, சரி தூங்கு. அவ்வளவுதான். எங்கே வீடு பார்க்கலாம், நான் வேலையை விடணுமா என்று கேட்டால் கொஞ்ச நேரம் சத்தமே வராது, அப்புறம் "நாளைக்குப் பேசலாம்" என்பார். என் சித்தி பெண் நிச்சயமானபோது ராத்திரி இரண்டு மணி வரை பேசுவாள். இவருக்கு என்னைப் பிடிக்கவில்லையா? வேறு யாராவது இருக்கிறார்களா? அம்மாவிடம் சொல்லலாமா? பத்திரிகை இன்னும் அச்சுக்குப் போகவில்லை.

கடலூர் வாசகி

அன்புள்ள கடலூர் வாசகிக்கு,

சித்தி பெண்ணை முதலில் ஓரமாக வையுங்கள். இரண்டு மணி வரை பேசியவர்கள் என்ன பேசினார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. பாதி நேரம் ஒருவர் தூங்கிக்கூடப் போயிருப்பார். வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்கிறீர்கள். அப்படி நினைக்க உங்கள் கடிதத்தில் ஒரு காரணமும் இல்லை, அதனால் அதற்குள் நான் போகவில்லை. ஆனால் நடுவில், பெரிதாக நினைக்காமல் ஒன்றை எழுதியிருக்கிறீர்கள். வீட்டையும் வேலையையும் கேட்கும்போதுதான் அவர் பேச்சு நிற்கிறது. கல்யாணத்துக்காக வாங்கும் கடன், கல்யாணத்துக்கு முன்பே மாப்பிள்ளையையும் பெண்ணையும் என்ன செய்கிறது என்று கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் அந்த நேரத்தில் வந்தது.

பேச்சு எப்படிக் குறைகிறது என்று பார்த்தால் எதனால் குறைகிறது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். களைப்பு என்றால் எல்லாப் பேச்சும் ஒரே மாதிரி குறையும். கிரிக்கெட்டைப் பற்றிக் கேட்டாலும் கொட்டாவிதான் வரும். பத்திரிகை வைக்க ஊர் ஊராக அலையும் கடைசி மூன்று வாரம் எந்த மாப்பிள்ளையும் அப்படித்தான் இருப்பார், அதைப் பொருட்படுத்த வேண்டாம். பக்கத்தில் வீட்டு ஆட்கள் இருக்கிறார்கள் என்றால் கூடத்தில் இருக்கும்போது மட்டும் "ம்" வரும், வண்டியை ஓரம் நிறுத்திவிட்டுப் பேசும்போது பழைய ஆள் திரும்பி வந்துவிடுவார். அதற்கு அழைக்கும் நேரத்தை மாற்றினால் போதும். மூன்றாவது வகை வேறு. அதில் சாப்பாடு பேசலாம், மண்டப அலங்காரம் பேசலாம், யாருக்கு எந்த அத்தை முறை என்று பேசலாம். சில விஷயங்களுக்கு அருகில் போகும்போது மட்டும் பேச்சு திரும்பிவிடும். ஒரு வாரம் இதை மட்டும் கவனியுங்கள்: "சரி வைக்கிறேன்" வருவதற்கு முந்தைய பேச்சு எதைப் பற்றியது? எத்தனை நிமிடம் என்று கணக்கு வைப்பதை விட்டுவிடுங்கள். ஆறு நிமிடம் என்று மணி பார்த்து எழுதுகிறவருக்கு ஆறாவது நிமிடத்தில் என்ன பேசினோம் என்று எழுதத் தோன்றவில்லையே, அம்மா!

அந்த "கொஞ்ச நேரம் சத்தமே வராது" என்பதையும் முழுதாக நம்பிவிடாதீர்கள். பத்து மொழிகளில் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விடுகிறார்கள் என்று அளந்து 2009இல் ஒரு ஆய்வு வந்தது. தமிழ் அதில் இல்லை. சராசரி இடைவெளி கிட்டத்தட்ட 200 மில்லி விநாடி, அதாவது ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. அதைவிட நன்றாக நீண்டால் கேட்பவர் மனது தயக்கம் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். சிக்னல் சரியில்லாத வாட்ஸ்அப் அழைப்பில் அந்த அளவு தாமதம் தானாகவே வந்துவிடும். சாதாரண அழைப்பில் பேசிப் பாருங்கள். அதிலும் வீட்டுப் பேச்சு வந்தால் மட்டும் மௌனம் என்றால் சிக்னலைக் குறை சொல்ல முடியாது.

இனி என் சந்தேகத்துக்கு வருகிறேன். உங்கள் மாப்பிள்ளையின் கணக்கு எனக்குத் தெரியாது. அவரைப் போன்ற ஒருவருக்கு என்ன நடக்கும் என்று போட்டுப் பார்ப்போம். கைக்கு வரும் சம்பளம் 38,000. முகூர்த்தப் புடவை, தாலி, வரவேற்பு, பாண்டியிலிருந்து உறவுக்காரர்களை அழைத்துவர வேன் என்று மாப்பிள்ளை வீட்டுப் பங்கு வளர்ந்துகொண்டே போய், அப்பா கையில் இருந்தது போதாமல், 5 லட்சம் பர்சனல் லோனுக்கு ஏற்பாடு செய்திருக்கிறார். வட்டி 14 சதவீதம், மூன்று வருடம். மாதத் தவணை 17,089 ரூபாய். வீட்டுக்கு 10,000 கொடுக்கிறார். வண்டி, பெட்ரோல், போன் என்று 3,000. மிச்சம் 8,000க்குக் கொஞ்சம் கீழே. இதில் இன்னும் ஒரு சாப்பாட்டுச் செலவுகூட வரவில்லை.

இப்போது அந்த மனிதரிடம், லாஸ்பேட்டையில் 9,000 வாடகைக்கு ஒரு வீடு இருக்கிறதாம் என்று சொல்லிப் பாருங்கள். அட்வான்ஸ் வேறு. அவர் என்ன சொல்வார்? முடியாது என்றால் ஏன் என்று கேட்பீர்கள். நான் வேலையை விடணுமா என்று கேட்கிறீர்கள். விடு என்றால் வருமானம் போகும், விடாதே என்றால் மனைவி சம்பளத்தில் சாப்பிடுகிறான் என்று அம்மா முகம் சுளிப்பாரோ என்ற பயம். கல்யாணம் முடிந்து ஊட்டி போகலாமா என்பதற்கும் இதே தடை. ஃபிரிட்ஜ் எந்த கம்பெனி என்பதுகூட, யார் வாங்குவது என்ற இடத்துக்குப் போய்விடும். சொல்லாத விஷயம் ஒன்றுதான், அதனால் பேச முடியாமல் போகிறவை பத்து. கடைசியில் பயமில்லாமல் பேச மிஞ்சுவது குழம்பு. உங்கள் ஆறு நிமிடத்தை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

பிடிக்காத ஆள் இப்படி நடந்துகொள்வதில்லை என்றும் சொல்லிவிடுகிறேன். பிடிக்காதவர் வீட்டைப் பற்றிக் கவலையில்லாமல் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுப் போவார்.

இதைப் போனில் கேட்காதீர்கள். ராத்திரி பதினோரு மணிக்கு, அப்பா அடுத்த அறையில் இருக்கும்போது, யாரும் தன் கடனைச் சொல்ல மாட்டார்கள். நேரில் பாருங்கள். கடலூருக்கும் பாண்டிக்கும் பஸ்ஸில் ஒரு மணி நேரம், ஒரு ஞாயிறு போதும். புடவை பார்க்கப் போகிற நாளாக இருக்க வேண்டாம், அன்று இரண்டு வீட்டுப் பெண்களும் கூட இருப்பார்கள். தங்கையை அழைத்துப் போங்கள், அவளைப் பாரதி பூங்காவில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் இருவரும் கடற்கரைச் சாலையில் நடங்கள். முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியாததைப் பக்கத்தில் நடந்துகொண்டே சொல்லிவிட முடியும்.

அங்கே போய் "உங்களுக்குக் கடன் இருக்கா" என்று ஆரம்பித்தீர்களானால் காரியம் கெட்டது. அது விசாரணை. முதலில் உங்கள் கணக்கைச் சொல்லுங்கள். கைக்கு வரும் சம்பளம் எவ்வளவு, நகைச்சீட்டு எவ்வளவு, படிப்புக் கடன் மிச்சம் இருந்தால் எவ்வளவு, கல்யாணத்துக்குப் பிறகும் உங்கள் வீட்டுக்கு மாதம் எவ்வளவு தர நினைக்கிறீர்கள், எல்லாம் எண்ணாக. கடைசியில் சொன்னதுதான் பெண்கள் சொல்லத் தயங்குவது, அதை விட்டுவிடாதீர்கள். பிறகு அவரைக் கேளுங்கள். 1997இல் ஆர்தர் ஆரன் என்ற உளவியலாளர் முன்பின் தெரியாத இருவரை உட்காரவைத்து, லேசான கேள்விகளில் தொடங்கி மெல்ல ஆழமானவற்றுக்குப் போகவைத்துப் பார்த்தார். முக்கால் மணி நேரத்தில் அவர்களுக்குள் உண்டான நெருக்கம் சும்மா அரட்டையடித்த ஜோடிகளுக்குள் உண்டாகவில்லை. அங்கே ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு பேரும் பதில் சொன்னார்கள். நீங்கள் போனில் கேள்வி மட்டும்தான் கேட்டுவந்திருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் அவர் கணக்கும் இல்லை, உங்கள் கணக்கும் இல்லை.

எண் வெளியே வந்துவிட்டால் அழ வேண்டாம், பேனாவை எடுங்கள். மேலே சொன்ன கடனையே பாருங்கள். மூன்று வருடத்தை ஐந்து வருடமாக நீட்டினால் தவணை 11,634 ஆகக் குறையும். மாதம் ஐந்தாயிரத்துக்கு மேல் கையில் நிற்கும், வாடகை சாத்தியமாகும். ஆனால் மொத்த வட்டி ஏறத்தாழ 83,000 ரூபாய் கூடும். கடனையே குறைப்பது அதைவிட நல்லது. ஒரு லட்சம் குறைவாக வாங்கினால் மூன்று வருடத்துக்கும் மாதாமாதம் 3,400 ரூபாய்ச் சுமை இல்லை. திருவந்திபுரம் கோயிலில் தாலி கட்டிவிட்டு, வரவேற்பைச் சின்ன மண்டபத்தில் வைத்து, பந்தியில் ஒரு வகை பாயசத்தோடு நிறுத்தினால் அந்த ஒரு லட்சத்தைப் பிடிக்க முடியும். மண்டபத்துக்கும் சமையல்காரருக்கும் முழு அட்வான்ஸ் கொடுத்த பிறகு அது நடக்காது. தைக்குப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று இரண்டு பேரும் தள்ளிப்போடும்போது கையை விட்டுப் போவது இந்த ஒரு லட்சம்தான். பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள். தவணை கட்டப்போவது அவர்கள் இல்லையே.

அவர் கடனைச் சொல்லிவிட்டு, "உங்க வீட்ல கொஞ்சம் பார்த்துக்க முடியுமா" என்று முடித்தால் கதை வேறு. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இல் வந்தது. வாங்கினால்தான் குற்றம் என்றில்லை, கேட்பதே குற்றம். அதற்கு ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை உண்டு. அன்று மாலையே அப்பாவிடம் சொல்லுங்கள், யோசிக்க ஒன்றுமில்லை.

கடன் இல்லாமல் வேறொன்றாகவும் இருக்கலாம். வேலை ஆட்டம் காண்கிறது, அண்ணன் சொத்தைப் பிரிக்கச் சொல்கிறார், தனிக்குடித்தனம் வேண்டாம் என்று அம்மா முடிவாகச் சொல்லிவிட்டார். எதுவாக இருந்தாலும் வழி இதேதான்: உங்களுடையதை முதலில் சொல்வது, பிறகு அவருடையதைக் கேட்பது.

ராத்திரிப் பேச்சிலிருந்து கல்யாண வேலையை எடுத்துவிடுங்கள். மண்டபம், பத்திரிகை, சீர் எல்லாம் உங்கள் அப்பாவும் அவர் அப்பாவும் பகலில் பேசிக்கொள்ளட்டும். இரண்டு வீட்டுக்கும் நீங்கள் இருவரும் தபால்காரர்களாக இருக்கிறவரை வேறு பேச்சுக்கு இடம் வராது. தினமும் பேசியாக வேண்டும் என்ற கட்டாயத்தையும் விடுங்கள், வாரம் மூன்று நாள் போதும்.

அம்மாவிடம் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன் வேண்டாம். இப்போது சொன்னால் அம்மா தரகருக்குப் போன் போடுவார், தரகர் அவர் வீட்டுக்குப் போடுவார், அதன்பின் அவர் வாயைத் திறக்கவே மாட்டார். நேரில் கேட்டும் அவர் மழுப்பினால் ஒரு வாரம் பொறுத்து இன்னொரு முறை கேளுங்கள். அப்போதும் எண்ணாக ஒன்றும் வரவில்லை என்றால் அம்மாவிடம் சொல்லி, பத்திரிகை அச்சுக்குப் போவதைக் கொஞ்சம் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள்.