காசு குடுக்கறதுக்கு முன்னாடி லேபிளைப் படிங்க: கேஷ் ஆன் டெலிவரி பார்சல் கேள்வி-பதில்

இன்ஸ்டாகிராம்ல விளம்பரம் பாத்து 1,299 ரூபாய்க்கு ட்ரில்லிங் மெஷின் ஆர்டர் போட்டேன், பிரிச்சா உள்ள ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் செட். வாங்கும்போதே கண்டுபிடிச்சிருக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். மொதல்ல கையில வாங்கி வெயிட்ட பாருங்க. கரண்ட்ல ஓடற சாதாரண ட்ரில்லிங் மெஷினே ஒரு கிலோவுக்கு மேல இருக்கும், உள்ள மோட்டார் இருக்குல்ல, அதனால பார்சல் காத்து மாதிரி இருந்தா அப்பவே வேண்டாம்னு சொல்லிடலாம். லேபிள்ல போட்டிருக்கற எடைய மட்டும் நம்பாதீங்க, அது விக்கிறவர் சொன்ன எடை, நூறு கிராம் பொருளுக்கும் அரை கிலோன்னு போட்டிருப்பாங்க, ஏன்னா நெறைய கூரியர்ல குறைஞ்சபட்ச கட்டணமே அரை கிலோவுக்குத்தான்.

அப்புறம் லேபிள்ல மூணு விஷயம் படிங்க. அனுப்புனர் பேரு, பொருளோட பேரு, வசூலிக்க வேண்டிய தொகை. நீங்க ஆர்டர் போட்ட சைட் பேரு ஒண்ணு, அனுப்புனர் வேற ஏதோ டிரேடர்ஸ்னு இருந்தா அது மட்டுமே மோசடி ஆகிடாது, சின்ன கடைக்காரங்க நெறைய பேர் அப்படித்தான் அனுப்புறாங்க. ஆனா பொருள் பேரு இருக்க வேண்டிய எடத்துல "ஹோம் ஐட்டம்"னு மொட்டையா இருக்கு, ரிட்டர்ன் அட்ரஸ்ல தெரு பேரு கூட இல்ல, ஆர்டர் நம்பரும் உங்க மெசேஜ்ல வந்ததோட ஒத்துப்போகல, இதெல்லாம் சேர்ந்து வந்தா காசு குடுக்காதீங்க.

டெலிவரி தம்பி பிரிச்சுப் பாக்க விடமாட்டேங்கறாரு, சண்டை போடலாமா?

வேண்டாம்ங்க. ஓப்பன் பாக்ஸ் டெலிவரின்னு சொல்லி வித்த ஆர்டருக்குத்தான் அவர் முன்னாடியே பிரிச்சுக் காட்டுவாரு, மத்ததுல காசு வாங்காம பிரிக்கக்கூடாதுன்னு அவருக்கு மேல இருந்து சொல்லியிருப்பாங்க. சந்தேகமா இருந்தா "வேண்டாம், ரிட்டர்ன் போட்டுடுங்க"ன்னா போதும், உங்களுக்கு ஒரு பைசா செலவு கெடையாது. ஓப்பன் பாக்ஸா இருந்தா பொருள கண்ணால பாத்த பிறகுதான் ஓடிபி சொல்லணும், சொல்லிட்டீங்கன்னா சரியான பொருள் வாங்கிக்கிட்டதா பதிவாகிடும்.

நான் ஆபீஸ்ல இருந்தேன், வீட்ல அம்மா நான் ஆர்டர் போட்டதுன்னு நெனச்சு 799 குடுத்துட்டாங்க. நான் எதுவுமே போடல!

இது இப்போ ரொம்ப நடக்குது, பேரு, அட்ரஸ், போன் நம்பர் மூணும் சரியா இருக்கும், அதான் பெரியவங்க நம்பிடறாங்க. ஆர்டர் போடாத பொருளுக்குக் காசு குடுக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. வீட்ல ஒரே ஒரு பழக்கம் வச்சுக்குங்க: எதுக்காவது காசு குடுக்கணும்னா மொதல்ல உங்களுக்குப் போன், நீங்க எடுக்கலன்னா பார்சல் திரும்பிப் போகட்டும். நெஜமாவே நீங்க போட்டதா இருந்தா நாளைக்குத் திரும்ப வரும், அவ்ளோதான்.

காசு குடுத்து பிரிச்சும் பாத்தாச்சு, உள்ள பழைய துணி. போனது போனதுதானா?

இல்ல, ஆனா வேகமா இருக்கணும். நீங்க குடுத்த காசு அன்னிக்கே விக்கிறவர் கைக்குப் போகாது, கூரியர்கிட்டயோ, நடுவுல இருக்கற ஷிப்பிங் கம்பெனிகிட்டயோ சில நாள் இருந்துட்டுதான் போகும். அதனால அன்னிக்கே லேபிள்ல இருக்கற ட்ராக்கிங் நம்பரப் போட்டு ரெண்டு பேருக்கும் ஈமெயில் அனுப்புங்க, "இது மோசடி பார்சல், இந்தத் தொகைய விக்கிறவருக்கு விடாதீங்க"ன்னு தெளிவா எழுதி, லேபிள் போட்டோ, பொருள் போட்டோ, விளம்பரத்தோட ஸ்கிரீன்ஷாட் மூணையும் சேத்துடுங்க. கண்டிப்பா நிறுத்துவாங்கன்னு சொல்ல முடியாது, ஆனா காசு கைமாறுன பிறகு கேக்கறதவிட இது எவ்ளவோ மேல். லேபிளக் கிழிச்சு குப்பையில போட்டுடாதீங்க, அது இல்லன்னா கையில ஒண்ணுமே இல்ல.

கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் பதிஞ்சிடுங்க. 2020 இ-காமர்ஸ் விதிப்படி விளம்பரத்துல சொன்னதுக்கு மாறான பொருள விக்கிறவர் திரும்ப எடுத்துக்க மறுக்கக்கூடாது, புகார 48 மணி நேரத்துல ஏத்துக்கிட்டதா பதில் சொல்லணும், ஒரு மாசத்துல தீர்க்கணும். சைட்டே காணாம போச்சுன்னா சைபர் கிரைம் உதவி எண் 1930-ல, இல்ல cybercrime.gov.in-ல புகார் குடுங்க.

ரீஃபண்ட் தர்றோம்னு ஒரு போன் வந்துச்சு, ஒரு ஆப் போடச் சொல்றாங்க.

கட் பண்ணுங்க. உங்க நம்பரும் நீங்க ஏமாந்த விஷயமும் அவங்ககிட்ட இருக்கு, அதான் ரெண்டாவது தடவை வர்றாங்க. காசு உங்களுக்கு வர்றதுக்கு யுபிஐ பின் அடிக்கவே தேவையில்ல, க்யூஆர் ஸ்கேன் பண்ணவும் தேவையில்ல. கஸ்டமர் கேர் நம்பரையும் கூகுள்ல தேடி எடுக்காதீங்க, கூரியரோட சொந்த சைட்லயோ ஆப்லயோ போய் எடுங்க.