இருபத்தொன்பது கட்டமும் முப்பத்தொரு நாளும்

கேள்வி: மாதக் காலண்டரில் ஒரு லிட்டர் வாங்கிய நாளுக்கு டிக், அரை லிட்டர் நாளுக்குப் புள்ளி, வாங்காத நாளுக்குப் பெருக்கல் குறி போடுகிறேன். 2025 மார்ச் தாளை போட்டோ எடுத்துக் கூட்டினால் 46 பாக்கெட், 1380 ரூபாய் வருகிறது. பால் போடும் தம்பி 50 பாக்கெட், 1500 ரூபாய் என்கிறார். ஏமாற்றுகிறாரா? போட்டோ இணைத்திருக்கிறேன். (வாசகி, வேளச்சேரி)

அவரைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் தாளின் முதல் வரிசையைப் பாருங்கள். மார்ச் 1 சனிக்கிழமை. ஞாயிறில் தொடங்கும் தாளில் அப்படிப்பட்ட மாதத்துக்கு ஆறு வரிசை வேண்டும். காலண்டர் அச்சிடுகிறவர்கள் ஐந்தோடு நிறுத்திவிட்டு, 30ஐ 23இன் கட்டத்திலும் 31ஐ 24இன் கட்டத்திலும் குறுக்குக் கோடு போட்டுத் திணித்துவிடுவார்கள். ஒரு வரிசை மிச்சம் பிடிப்பதில் அவர்களுக்கு என்ன லாபமோ, எனக்குப் புரிந்ததே இல்லை.

நீங்கள் எண்ணியது 20 டிக், 6 புள்ளி, 3 பெருக்கல். கூட்டினால் 29தான். மாதத்துக்கோ 31 நாள். அந்த இரண்டு கட்டங்களிலும் ஒவ்வொரு டிக்தான் இருக்கிறது, இரண்டுமே மேல் மூலையில், அதாவது 23க்கும் 24க்கும் போட்டவை. 30க்கும் 31க்கும் குறியே இல்லை. கட்டம் ஏற்கெனவே நிரம்பித் தெரிந்ததால் குறி போட்டாயிற்று என்று விட்டிருப்பீர்கள். குறி இல்லை என்பதற்காகப் பால் வரவில்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. வாங்காத நாளுக்குத்தான் நீங்களே பெருக்கல் போடுகிறீர்களே.

இன்னொன்று, 29ஆம் தேதி. அன்று அமாவாசை. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீங்கள் புள்ளி என்று எண்ணியது காலண்டரிலேயே அச்சான கறுப்பு வட்டம். அதற்குக் கீழே மை மங்கிய ஒரு டிக் இருக்கிறது, மேலே விளக்கு வெளிச்சம் பட்டு வெளுத்திருக்கிறது. ஆக டிக் 21, புள்ளி 5. டிக்குக்கு இரண்டு பாக்கெட் வீதம் 42, புள்ளிக்கு ஒன்று வீதம் 5, மொத்தம் 47.

தம்பி சொன்ன 50க்கு இன்னும் மூன்று பாக்கெட். கடைசி இரண்டு நாளில் ஒரு நாள் ஒரு லிட்டரும் ஒரு நாள் அரை லிட்டரும் போட்டிருந்தால் கணக்கு நேர். கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறவர் என்றால் இரண்டு நாளுக்கும் முழு லிட்டர் போட்டு 51 என்றிருப்பார். அதனால் எனக்கு அவர் மேல் சந்தேகம் வரவில்லை. "30, 31 ரெண்டு நாள்ல எந்த நாள் அரை லிட்டர்?" என்று மட்டும் கேளுங்கள். 30 ஞாயிறு, 31 ரம்ஜான் விடுமுறை, வீட்டில் யாருக்காவது நினைவிருக்கும். பதில் ஒத்துப்போனால் 1500 கொடுத்துவிடலாம். அவருக்கும் தெரியவில்லை என்றால் 47க்கு 1410 கொடுத்துவிட்டு மீதியைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்வியில் என்னை உறுத்தியது வேறு. அந்த 30 ரூபாய் பாக்கெட்டில் அச்சிட்ட விலையா, அவர் சொன்ன விலையா? எங்கள் தெருவில் ஒரு ஏஜென்ட் பாக்கெட்டுக்கு இரண்டு ரூபாய் சேர்த்தே விலை சொல்லிவந்தார். 50 பாக்கெட்டுக்கு அது 100 ரூபாய். நாங்களோ ஒரு பாக்கெட் விட்டுப்போனதா என்று மாதாமாதம் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். கொண்டுவந்து போடும் கூலியை அவர் கேட்பது நியாயம்தான். ஆனால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும், பாலின் விலைக்குள் ஒளிக்கக் கூடாது. அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் விற்பது எடையளவுச் சட்டப்படி குற்றம். 'பால் 1500' என்று ஒரே வரியில் வரும் துண்டுச்சீட்டை வாங்காதீர்கள். எத்தனை பாக்கெட், என்ன விலை, கூலி எவ்வளவு என்று மூன்றும் இருக்கட்டும். இதைக் கேட்டால் முகம் சுளிக்கிற ஏஜென்ட்டுகள் இந்த ஊரில் நிறைய.

அடுத்த மாதத்துக்கு ஒரே ஒரு மாற்றம். புள்ளியை விட்டுவிட்டு, கட்டத்தில் பாக்கெட் எண்ணிக்கையையே எழுதுங்கள்: 2, 1, 0. அமாவாசை வட்டத்தோடு குழம்பாது, பெருக்கவும் வேண்டாம், அப்படியே கூட்டலாம். இரட்டைத் தேதிக் கட்டம் வந்தால் 30, 31 இரண்டையும் தாளின் ஓரத்தில் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். போட்டோவைப் பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், நேர் எதிரே நின்று எடுங்கள், மாதப் பெயரும் நான்கு மூலையும் தெரியட்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி மங்கிய மை மறைந்துவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். அதுவரை மார்ச் தாளைக் கிழித்துப்போடாதீர்கள், 29ஆம் தேதிக் கட்டத்தைத் தம்பியிடம் காட்ட வேண்டியிருக்கும்.