அடுத்தவர் நிலத்துப் போர்வெல்லுக்கு வீட்டு நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: ஒரத்தநாடு பக்கம் மூன்று ஏக்கர் நஞ்சையை ஆறு வருடமாக வாய்ப்பேச்சில் குத்தகைக்குப் பார்த்து வருகிறேன். குறுவை, சம்பா என இரண்டு போகம். சென்னையில் இருக்கும் நில உரிமையாளர் இப்போது கடிதம் போட்டிருக்கிறார்: ‘விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு, குத்தகை ஓராண்டுக்கு மட்டும், போர் தண்ணீர் தென்னந்தோப்புக்குப் போக மீதி, மோட்டார், குழாய்ச் செலவு உங்களுடையது.’ இரண்டு முறை மோட்டாரை நானே பழுது பார்த்தேன். இப்போது புது மோட்டாரும் குழாயும் போட ஒன்றரை லட்சம் ஆகும் என்கிறார்கள். மனைவியின் நகையை வைத்துப் போட்டுவிடுங்கள் என்கிறார் மைத்துனர். ஒரு நிதி நிறுவனம் மாதத் தவணையில் தருவதாகச் சொல்கிறது. நகைக் கடனா, தவணையா, எது நல்லது?

பதில்: இரண்டும் வேண்டாம். வட்டியைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால், ஆறு ஆண்டுகளாக நீங்கள் பழக்கமாக்கிக்கொண்ட ஒன்றை நிறுத்த வேண்டும். எழுத்தில் ஒரு வரிகூட இல்லாத குத்தகையில், திரும்ப எடுத்துப் போக முடியாத செலவை நிலத்துக்குள் இறக்கிக்கொண்டே இருக்கிறீர்கள். விதைக்கும் உரத்துக்கும் போட்ட பணம் நான்கு மாதத்தில் நெல்லாகத் திரும்பும். போரில் போட்ட பணம் நிலத்தோடு தங்கிவிடும். மின் இணைப்பும் நில உரிமையாளர் பெயரில்தான் இருக்கும்.

கணக்கை மூட்டையிலேயே பார்ப்போம். 2025-26 பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்கு மாநில ஊக்கத்தொகையோடு சேர்த்து அரசுக் கொள்முதல் விலை குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். ஆகவே 60 கிலோ மூட்டை 1,500 ரூபாய். ஏக்கருக்கு 30 மூட்டை காண்கிறீர்கள் என்றும், கைக்காசாக 25,000 ரூபாய், அதாவது ஏறக்குறைய 17 மூட்டை, செலவாகிறது என்றும் வைத்துக்கொள்கிறேன். மூன்றில் ஒரு பங்காக 10 மூட்டையை அளந்துவிட்டால் உங்களுக்கு 20 மூட்டை. செலவு போக ஏக்கருக்கு மூன்று மூட்டைக்குச் சற்று மேல். மூன்று ஏக்கர், இரண்டு போகம் என்றால் ஆண்டுக்கு 20 மூட்டை. நீங்கள் வாங்க நினைக்கும் ஒன்றரை லட்சம் என்பது 100 மூட்டை. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்றாலே ஆண்டுக்கு 12 மூட்டை வட்டிக்குப் போய்விடும். மீதமுள்ள 8 மூட்டையை வீட்டில் சோற்றுக்குக்கூட எடுக்காமல் கட்டி, வட்டி குறையக் குறைய அசலுக்குக் கூட்டிக் கட்டினாலும், அசல் அடைய ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் ஆகும். அவர் எழுதியிருப்பதோ ஓராண்டு. மாதத் தவணை இன்னும் மோசம். ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் பணம் பார்க்கும் வீட்டுக்கு அது எவ்விதத்திலும் ஒத்துவராது. குறைந்த தவணை என்று வாசலுக்கே வந்து விற்கப்படும் கடன்களில் எனக்கு நம்பிக்கையில்லை.

கடனைப் பேசுவதற்கு முன்பு, உண்மையிலேயே மோட்டார்தான் குறையா என்று பாருங்கள். மோட்டாரை ஓட்டி, குழாய் வாயில் 200 லிட்டர் பீப்பாயை வைத்து, எத்தனை விநாடியில் நிரம்புகிறது என்று எண்ணுங்கள். இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு மறுபடியும் எண்ணுங்கள். முதலில் 40 விநாடியில் நிரம்பியது பிறகு 80 விநாடி எடுத்தால், பெரும்பாலும் போரில் ஊற்று குறைந்திருக்கிறது. புது மோட்டார் போட்டாலும் வராத தண்ணீர் வராது. இரண்டு முறையும் 40 விநாடி என்றால் மணிக்கு 18,000 லிட்டர் வருகிறது. ஒரு ஏக்கரில் இரண்டு அங்குலம் நீர் நிறுத்த ஏறக்குறைய இரண்டு லட்சம் லிட்டர், அதாவது 11 மணி நேர ஓட்டம் வேண்டும். வாய்க்கால் கசிவைச் சேர்க்காமலேயே மூன்று ஏக்கருக்கு 33 மணி நேரம். ஐந்து நாளுக்கு ஒரு முறை காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் நாளொன்றுக்கு ஏழு மணி நேரம் போதும். அது உங்களுக்குக் கிடைக்கவில்லை என்றால், குறை மோட்டாரில் இல்லை, தென்னைக்கு முதல் முறை என்ற ஏற்பாட்டில்தான் இருக்கிறது. அதைச் சரிசெய்ய நகை தேவையில்லை.

ஆகவே உரிமையாளருக்கு எழுதும் பதிலில் ‘மீதி’ என்ற சொல்லை ஒப்புக்கொள்ளாதீர்கள். எந்த நாட்கள், எத்தனை மணி நேரம் வயலுக்கு என்று கேளுங்கள். ஆற்றுத் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும்வரை குறுவை நாற்றங்காலும் நடவும், பிறகு கதிர் வெளிவந்து பூக்கும் காலமும் வயலுக்கே முன்னுரிமை என்று தனியாக எழுதுங்கள். பூக்கும் நேரத்தில் வயல் காய்ந்து, ஏக்கருக்கு ஐந்து மூட்டை கருக்காயாகப் போனால், மேலே பார்த்த மூன்று மூட்டை லாபமும் போய்விடும்.

பங்கைப் பொறுத்தவரை, நியாயக் குத்தகைக்கான 1956-ஆம் ஆண்டுச் சட்டம், பிந்தைய திருத்தத்துக்குப் பிறகு, வழக்கமான மொத்த விளைச்சலில் நூற்றுக்கு 25 என்றே வரையறுக்கிறது. கால் பங்கு கொடுத்தால் உங்களுக்கு ஆண்டுக்கு 15 மூட்டை கூடுதலாக மிஞ்சும். எதைப் பங்கிடுவது, எங்கே அளப்பது, வைக்கோல் யாருக்கு என்பதும் எழுத்தில் இருக்கட்டும். இயந்திரத்திலிருந்து இறங்கும் ஈர நெல்லில் அளப்பதற்கும் காயவைத்து அளப்பதற்கும் மூட்டைக் கணக்கு மாறும்.

ஓராண்டு என்று அவர் எழுதியதைக் கெட்ட எண்ணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் வெளியூர் உரிமையாளர் பலருக்கும் உண்டு. குடும்ப உழைப்பைப் போட்டுச் சாகுபடி செய்யும் குத்தகைதாரரை 1955-ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காலம் முடிந்தது என்று சொல்லி மட்டும் வெளியேற்ற முடியாது. ஆனால் குத்தகை பாக்கி வைப்பது வெளியேற்றுவதற்கு ஒரு காரணமாகும். அளந்த நெல்லுக்கு ஒவ்வொரு போகமும் கையெழுத்துள்ள ரசீது வாங்குங்கள். ஆறு ஆண்டுகளாக வாங்கவில்லை என்றே நினைக்கிறேன்.

பீப்பாய்ச் சோதனைக்குப் பிறகும் மோட்டார் மாற்றியே தீர வேண்டும் என்றால், அது அவருடைய சொத்து, அவரே போடட்டும். அவரிடம் பணம் இல்லையென்றால் மட்டும், நீங்கள் போட்டு அவர் பங்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம். கால் பங்கில் அவருக்குப் போகத்துக்கு 22 மூட்டை வரும். அதில் 15 மூட்டையைக் கழித்தால், 100 மூட்டை அசலும், குறைந்துகொண்டே வரும் வட்டிக்கு ஒரு 31 மூட்டையும் தீர ஏறக்குறைய ஒன்பது போகம் ஆகும். அதனால் ஐந்தாண்டுக் குத்தகை கேளுங்கள். இடையில் முடிந்தால் கழியாத மூட்டைக்குப் பணம் தர வேண்டும் என்று சேருங்கள். முடிவுத் தேதியைச் சம்பா அறுவடைக்குப் பின்பு வையுங்கள்.

இவை எல்லாம் குத்தகைப் பத்திரத்தில் ஏறட்டும். அந்தப் பாதுகாப்புச் சட்டமே மூன்று படிகள் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொன்று வைத்துக்கொண்டு, மூன்றாவதை இரண்டு வாரத்துக்குள் வட்டாட்சியர் அலுவலகத்தில் தாக்கல் செய்யச் சொல்கிறது. பத்திரம் கையில் இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் உங்கள் பெயரில் அடங்கல் கேட்பதும் எளிதாகும். பயிர்க் காப்பீட்டுக்கும் கொள்முதல் நிலையத்துக்கும் அது வேண்டும். சாகுபடிச் செலவுக்குப் பணம் குறைந்தால் குத்தகை விவசாயிகளுக்கான கூட்டுப் பொறுப்புக் குழுக் கடனைப் பற்றிக் கூட்டுறவுச் சங்கத்திலும் வங்கியிலும் விசாரியுங்கள். பதில் கடிதத்தைக் குறுவை நாற்றங்கால் விடுவதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள். விதை விட்ட பிறகு பேசினால், அவர் சொல்லுக்கு நீங்கள் தலையாட்ட வேண்டியிருக்கும்.